செல்லம்மாவும் மாரியும்: முழு அனுகூலம், ஒப்பீட்டு அனுகூலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலையில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பன்னாட்டு வணிகம் பாடம் வந்தால் ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் கை தூக்குகிறார்கள், அதே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். கேட்ட கேள்விகளைக் கேட்டவர் வாக்கிலேயே நோட்டில் குறித்துவைத்திருந்தேன். அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை கடைசியில்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? பேர் மட்டும்தானே வேற?"

இல்லை. ஒரே அளவு நிலத்தையோ உழைப்பையோ வைத்துக்கொண்டு யார் அதிகம் விளைவிக்கிறார் என்று பார்ப்பது முழு அனுகூலம். ஒரு பொருளை விளைவிக்க யார் மற்றொரு பொருளைக் குறைவாக இழக்கிறார் என்று பார்ப்பது ஒப்பீட்டு அனுகூலம். முதலாவதில் ஆளையும் ஆளையும் நேராக ஒப்பிடுகிறோம். இரண்டாவதில் ஒருவருடைய இரண்டு வேலைகளை முதலில் அவருக்குள்ளேயே ஒப்பிட்டுவிட்டு, அந்த விடையை அடுத்தவர் விடையோடு வைத்துப் பார்க்கிறோம். இந்த இரண்டாவது படியைத் தாண்டிப் போவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

சொல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அனுகூலம், சாதகம், நன்மை என்று புத்தகத்துக்குப் புத்தகம் வேறு சொல் இருக்கும். மூன்றும் ஒன்றுதான். அதேபோல ஒன்றைப் பெற நாம் இழக்கும் மற்றொன்றை நம் பாடநூலில் 'வாய்ப்புச் செலவு' என்றும் இலங்கைப் பாடநூலில் 'அமையச் செலவு' என்றும் சொல்வார்கள்.

"அந்த ரெண்டு விவசாயி கதையைச் சொல்லுங்க, அப்புறம் கணக்குக்குப் போகலாம்."

செல்லம்மா, மாரி இருவரும் நான் கட்டிய கதையின் ஆட்கள். அடுத்தடுத்த வயல், நடுவில் ஒரே வரப்பு. ஆளுக்கு நாலு ஏக்கர். செல்லம்மாவின் நிலம் வண்டல், வற்றாத கிணறு. மாரியுடையது செம்மண், தண்ணீர் எப்போதும் இழுபறி. இருவருக்கும் வீட்டுக்கு நெல்லும் வேண்டும், எண்ணெய்க்குக் கடலையும் வேண்டும். ஒரு ஏக்கரில் ஒரு போகத்துக்குக் கிடைக்கும் விளைச்சல் இது:

| | நெல் (மூட்டை) | நிலக்கடலை (மூட்டை) |
|---|---|---|
| செல்லம்மா | 30 | 15 |
| மாரி | 12 | 12 |

ஏக்கருக்கு 30 நெல் அல்லது 15 கடலை என்று இதைப் படிக்க வேண்டும். ஒரே ஏக்கரில் இரண்டும் சேர்ந்து வராது. நெல் மூட்டையின் எடையும் கடலை மூட்டையின் எடையும் வேறு என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேறாகவே இருக்கட்டும். இருவரும் ஒரே அளவு நெல் மூட்டையும் ஒரே அளவு கடலை மூட்டையும் பிடித்தால் போதும், கணக்கு மாறாது.

நெல்லிலும் செல்லம்மா மேல், கடலையிலும் செல்லம்மா மேல். முழு அனுகூலம் இரண்டிலும் அவருக்கே.

"வாய்ப்புச் செலவுக்கு எதை எதால வகுக்கணும்? எனக்கு எப்பவும் தலைகீழா வருது."

வகுப்பதை மறந்துவிட்டு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். செல்லம்மா ஒரு ஏக்கரில் கடலை போட்டால் 15 மூட்டை கடலை கிடைக்கும், 30 மூட்டை நெல் போய்விடும். 15 கடலைக்கு 30 நெல் போனால் ஒரு கடலைக்கு எவ்வளவு? 2 நெல். மாரிக்கு 12 கடலைக்கு 12 நெல் போகிறது, அதாவது ஒரு மூட்டை கடலைக்கு 1 மூட்டை நெல்.

கடலையை மலிவாக விளைவிப்பவர் மாரி. ஏக்கருக்கு மூன்று மூட்டை குறைவாக எடுத்தாலும் அவர்தான் மலிவு. மலிவு என்றால் இங்கே பணத்தில் அல்ல, கைவிட்ட நெல்லில். நெல் பக்கமிருந்து பார்த்தால் ஒரு மூட்டை நெல்லுக்குச் செல்லம்மா இழப்பது அரை மூட்டை கடலை, மாரி இழப்பது ஒரு மூட்டை. ஆக நெல்லில் ஒப்பீட்டு அனுகூலம் செல்லம்மாவுக்கு, கடலையில் மாரிக்கு.

"செல்லம்மா ரெண்டுலயும் கெட்டிக்காரி. அவங்க எதுக்கு மாரிகிட்ட வாங்கணும்?"

இந்தப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

இருவரும் தனித்தனியாக, ஆளுக்கு இரண்டு ஏக்கர் நெல், இரண்டு ஏக்கர் கடலை போடுகிறார்கள். செல்லம்மாவுக்கு 60 நெல், 30 கடலை. மாரிக்கு 24 நெல், 24 கடலை. வரப்பின் இரு பக்கமும் சேர்த்து 84 நெல், 54 கடலை. அடுத்த வருடம் மாரி வரப்பில் நின்று, "அக்கா, நான் நாலு ஏக்கரும் கடலையே போட்டுடறேன். நீங்க மூணு ஏக்கர் நெல் போடுங்க. ரெண்டு மூட்டை கடலைக்கு மூணு மூட்டை நெல் குடுத்தா போதும்" என்கிறார். செல்லம்மா சம்மதிக்கிறார். மாரிக்கு 48 கடலை விளைகிறது. செல்லம்மாவுக்கு மூன்று ஏக்கரில் 90 நெல், மீதி ஒரு ஏக்கரில் 15 கடலை. மொத்தம் 90 நெல், 63 கடலை. மழை அதிகம் பெய்யவில்லை, உரம் அதிகம் போடவில்லை, நிலம் ஒரு சென்ட் கூட ஏறவில்லை. ஆனாலும் 6 மூட்டை நெல்லும் 9 மூட்டை கடலையும் அதிகம்.

பிறகு மாரி 18 மூட்டை கடலையைக் கொடுத்து 27 மூட்டை நெல் வாங்கிக்கொள்கிறார். அவர் வீட்டில் இப்போது 27 நெல், 30 கடலை. முன்பு இருந்தது 24, 24. செல்லம்மா வீட்டில் 63 நெல், 33 கடலை. முன்பு 60, 30. இருவருக்கும் இரண்டு பொருளுமே கூடியிருக்கிறது. செல்லம்மா மாரியிடம் வாங்குவது மாரி தன்னைவிடக் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. தானே விளைவித்தால் ஒரு மூட்டை கடலைக்கு இரண்டு மூட்டை நெல் போகும், மாரியிடம் ஒன்றரை மூட்டையோடு முடிகிறது. அவ்வளவுதான் காரணம்.

"கூடுதல் மூட்டை எங்கிருந்து வந்துச்சு? யாரோ ஒருத்தர் தலையில கை வச்சிருக்கணுமே?"

யார் தலையிலும் இல்லை. மாரி நெல் போட்டிருந்த இரண்டு ஏக்கர்தான் அந்த மூட்டைகளின் ஊற்று. அங்கே ஒரு மூட்டை நெல்லுக்கு ஒரு மூட்டை கடலை செத்துக்கொண்டிருந்தது. அதே ஒரு மூட்டை நெல்லை வரப்புக்கு அந்தப் பக்கம் எடுத்திருந்தால் அரை மூட்டை கடலைதான் போயிருக்கும். அந்த வீண் இப்போது நின்றுவிட்டது.

சந்தேகம் இருந்தால் தலைகீழாகச் செய்து பாருங்கள். மாரி நாலு ஏக்கரும் நெல் போட்டால் 48 நெல். பழைய 54 மூட்டை கடலையையும் செல்லம்மாவே விளைவிக்க அவருக்கு 3.6 ஏக்கர் ஆகும், மீதி 0.4 ஏக்கரில் 12 நெல். மொத்தம் 60 நெல், 54 கடலை. கடலை அதே அளவு, நெல்லில் 24 மூட்டை காணோம். இதுவும் 'ஆளுக்கு ஒரு பயிர்' என்ற வேலைப் பிரிவினைதான், ஆனால் யார் எதைச் செய்வது என்பதைத் தப்பாகப் பிரித்தது.

"ரெண்டுக்கு மூணுன்னு யார் முடிவு பண்ணினது? மாரி ஏன் ரெண்டுக்கு நாலு கேக்கக் கூடாது?"

கேட்கலாம், ஆனால் கிடைக்காது. ஒரு கடலைக்கு 2 நெல் என்றால் செல்லம்மா தன் வயலிலேயே அதே விலையில் விளைவித்துக்கொள்வார். அதற்கு மேல் கேட்டால் பேச்சே இல்லை. மறுபக்கம், ஒரு கடலைக்கு 1 நெல்லுக்குக் கீழே செல்லம்மா இறங்கினால் மாரி பழையபடி தன் வயலிலேயே நெல் நட்டுவிடுவார். ஆக விலை 1க்கும் 2க்கும் நடுவில் எங்கோதான் நிற்கும்.

நடுவில் எங்கே என்பதை ஒப்பீட்டு அனுகூலம் சொல்லாது. யாருக்குப் பொருள் அவசரம், யாரால் காத்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது அது. ஒப்பீட்டு அனுகூலத்தை விளக்கிய பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ திறந்து விட்டுப்போன இந்த இடத்தை, இரு பக்கத் தேவைகளும் சந்திக்கும் இடத்தில் விலை நிற்கும் என்று சொல்லி நிரப்பியவர் ஜான் ஸ்டூவர்ட் மில். விலை 1.05 ஆனாலும் இருவருக்கும் லாபம்தான், ஆனால் லாபம் கிட்டத்தட்ட மொத்தமும் செல்லம்மா வீட்டுக்குப் போய்விடும். 'இருவருக்கும் லாபம்', 'லாபம் சரிசமம்' இரண்டும் ஒன்றில்லை. தேர்வில் சரி தவறு கேள்வியாக இதைக் கேட்பதுண்டு.

"யாரும் நெல்லைக் குடுத்துக் கடலை வாங்குறதில்லையே, எல்லாம் பணம்தானே?"

பணம் வந்தால் கணக்கு இன்னும் சுலபம். பேச்சுக்கு நெல் மூட்டை 1,500 ரூபாய், கடலை மூட்டை 2,250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் ஒன்றுக்கு ஒன்றரைதான். செல்லம்மாவுக்கு ஏக்கருக்கு நெல்லில் 45,000, கடலையில் 33,750. மாரிக்கு நெல்லில் 18,000, கடலையில் 27,000. செல்லம்மா நெல்லுக்குத் திரும்புவார், மாரி கடலைக்கு. இருவரும் ரிக்கார்டோ பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை, வரப்பில் நின்று பேசியிருக்கவும் வேண்டியதில்லை. சந்தை விலையைப் பார்த்தால் போதும்.

சாகுபடிச் செலவை இங்கே விட்டுவிட்டேன். கடைசிக் கேள்வியில் அது திரும்பி வந்து தொல்லை கொடுக்கும்.

"அப்போ செல்லம்மா ஒரு ஏக்கர்ல ஏன் இன்னும் கடலை போடுறாங்க? முழுசா நெல்லுக்கு மாறணும்ல?"

மாரியின் நாலு ஏக்கரும் சேர்ந்து 48 மூட்டை கடலைதான் தரும். இரண்டு வீட்டுக்கும் முன்பு இருந்த 54 மூட்டையாவது வேண்டுமென்றால் அது பற்றாது. சின்னவர் முழுதாக மாறிவிடுவார், பெரியவர் பாதி வழியில் நிற்பார். சின்ன நாடும் பெரிய நாடும் வணிகம் செய்யும்போதும் இப்படி நடக்கும்.

நிஜ வயலில் இன்னொரு காரணமும் உண்டு. நாலு ஏக்கரும் ஒரே மாதிரி இருக்காது. செல்லம்மாவின் மேட்டுப் பக்கத்து ஏக்கரில் தண்ணீர் ஏறாமல் நெல் 20 மூட்டையோடு நின்றால், அந்த ஏக்கரில் மட்டும் ஒரு கடலைக்கு 2 நெல் போகாது, 1.33தான் போகும். ஒன்றரை கொடுத்து வெளியே வாங்குவதைவிட அங்கே கடலை போடுவதே அவருக்கு லாபம். பாடநூல் கணக்கில் எல்லா ஏக்கரும் ஒன்று என்று வைத்துக்கொள்வதால்தான் விடை 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்று வருகிறது.

"ஒருத்தருக்கே ரெண்டுலயும் ஒப்பீட்டு அனுகூலம் இருக்குமா?"

இருக்காது. கடலையின் செலவு செல்லம்மாவுக்கு 2 நெல் என்றால், நெல்லின் செலவு அதைத் திருப்பிப் போட்ட அரை கடலை. ஒன்றில் உயர்ந்தால் மற்றதில் தானாகவே தாழும்.

ஆனால் இருவருக்குமே எதிலும் இல்லாமல் போகலாம். மாரிக்கு ஏக்கருக்கு 12 நெல் அல்லது 6 கடலை என்று வையுங்கள். அவருக்கும் ஒரு கடலைக்கு 2 நெல். செல்லம்மா இரண்டிலும் இரண்டரை மடங்கு மேல், ஆனால் விகிதம் ஒன்றே. விலை நிற்க இடைவெளியே இல்லை, மாற்றிக்கொள்வதில் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. லாபம் பிறப்பது உயர்வு தாழ்விலிருந்து அல்ல, விகித வேறுபாட்டிலிருந்து.

"ரிக்கார்டோ அட்டவணையில போர்ச்சுகலுக்கு எண் எல்லாம் சின்னது. அப்போ போர்ச்சுகல்தானே மட்டம்?"

இதில் மாட்டாத மாணவரை நான் பார்த்ததில்லை. நானும் கல்லூரியில் இதே இடத்தில் மதிப்பெண் விட்டவன்தான். டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதிய நூலின் ஏழாம் அத்தியாயத்தில் வரும் எண்கள் விளைச்சல் இல்லை, ஒரு வருடத்துக்குத் தேவைப்படும் ஆட்கள். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேர், போர்ச்சுகலில் 90 பேர். குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. ஆள் குறைவாகத் தேவைப்படுகிறவர்தான் கெட்டிக்காரர். ஆகவே இங்கே போர்ச்சுகல்தான் செல்லம்மா.

விளைச்சல் அட்டவணையில் செய்த வகுத்தல் இங்கே திரும்பிவிடும். மறுபடி வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒயின் செய்யும் 120 பேரைத் துணிக்கு அனுப்பினால் இங்கிலாந்துக்கு 120ஐ 100ஆல் வகுத்தது, அதாவது 1.2 பங்கு துணி கிடைத்திருக்கும். போர்ச்சுகலில் 80ஐ 90ஆல் வகுத்தது, ஏறக்குறைய 0.89 பங்கு. ஒயின் போர்ச்சுகலில் மலிவு. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் இங்கிலாந்து 120 பேர் உழைப்பில் பெற வேண்டிய ஒயினை 100 பேர் உழைப்பில் பெறும். போர்ச்சுகல் 90 பேர் உழைப்பில் பெற வேண்டிய துணியை 80 பேர் உழைப்பில் பெறும்.

எண்கள் அவர் கற்பனை, நாடுகள் கற்பனையில்லை. 1703இல் செய்த மெத்துவென் ஒப்பந்தப்படி இங்கிலாந்தின் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குப் போனது, போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த வரி. ரிக்கார்டோவின் முன்னோர்களும் போர்ச்சுகல் வழி வந்த யூதர்கள்.

"ஆடம் ஸ்மித் சொன்னது அப்போ தப்பா?"

தப்பில்லை, பாதி வழி. வெளியில் மலிவாகக் கிடைப்பதை வீட்டில் அதிகச் செலவில் செய்யாதே என்று 1776இல் அவர் சொன்னது சரிதான். தையல்காரர் தன் செருப்பைத் தானே தைப்பதில்லை, செருப்புத் தைப்பவரிடம் வாங்குகிறார் என்பது அவர் காட்டிய உதாரணம். ஆனால் ஆளுக்கு ஒன்றில் கெட்டியாக இருக்கும் நிலைமைதான் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஒருவர் எல்லாவற்றிலும் மட்டமாக இருந்தால் அவரோடு வணிகம் செய்ய என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ரிக்கார்டோவிடம்தான் முழுப் பதில் வருகிறது.

"அப்போ முழு அனுகூலத்தால ஒரு பிரயோஜனமும் இல்லையா?"

நிறைய இருக்கிறது. யார் எதை விளைவிப்பது என்பதை ஒப்பீட்டு அனுகூலம் தீர்மானிக்கும். யார் எவ்வளவு வசதியாக வாழ்வது என்பதை முழு அனுகூலம் தீர்மானிக்கும். மேலே பணக் கணக்கில் செல்லம்மாவின் ஏக்கர் 45,000 தந்தது, மாரியின் ஏக்கர் 27,000. வணிகம் இருவரையும் பழைய நிலையிலிருந்து ஏற்றியது, ஆனால் மாரியைச் செல்லம்மா ஆக்கவில்லை.

அந்த 27,000 என்பது 45,000இல் 60 சதவீதம். இந்த 60 தற்செயல் இல்லை. மாரியின் விளைச்சல் நெல்லில் செல்லம்மாவினுடையதில் 40 சதவீதம், கடலையில் 80 சதவீதம். வருமான விகிதம் இந்த 40க்கும் 80க்கும் நடுவில்தான் நிற்கும். 80க்கு மேல் போனால் மாரியின் கடலை விலை போகாது. 40க்குக் கீழே போனால் மாரியின் நெல்கூட மலிவாகிவிடும், செல்லம்மாவிடம் வாங்கவே யாரும் இருக்க மாட்டார்கள். 'கூலி குறைந்த நாட்டோடு நாம் எப்படிப் போட்டி போடுவது' என்று பணக்கார நாடும், 'அவ்வளவு திறமையான நாட்டோடு நாம் எப்படி' என்று ஏழை நாடும் ஒரே நேரத்தில் பயப்படுவதுண்டு. அந்தக் கூலி வித்தியாசமே திறமை வித்தியாசத்தின் நிழல் என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகிறார்கள்.

"மாரி ஒரு போர் போட்டுட்டா கதை மாறுமா?"

அட்டகாசமாக மாறும். போர்த் தண்ணீர் வந்ததும் மாரியின் நெல் ஏக்கருக்கு 12லிருந்து 28 ஆகிறது, கடலை 12லிருந்து 13 ஆகிறது என்று வைப்போம். இன்னமும் இரண்டிலும் செல்லம்மாதான் மேல். ஆனால் மாரிக்கு இப்போது ஒரு கடலைக்குப் போவது 28ஐ 13ஆல் வகுத்தது, 2.15 நெல். செல்லம்மாவுக்கு அதே 2. கடலையில் ஒப்பீட்டு அனுகூலம் செல்லம்மாவுக்குப் போய்விட்டது, நெல்லில் மாரிக்கு. வயலுக்கு எதுவுமே செய்யாத செல்லம்மாவின் இடமும் மாறிவிட்டது. ஒப்பீட்டு அனுகூலம் ஒருவர் தலையில் எழுதியது இல்லை, அடுத்தவரைப் பொறுத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை நிற்கும் இடைவெளி முன்பு 1க்கும் 2க்கும் நடுவில் விரிந்து கிடந்தது. இப்போது 2க்கும் 2.15க்கும் நடுவில் ஒரு கீற்றுதான். மாரி பணக்காரராகிவிட்டார், ஆனால் இருவருக்கும் மாற்றிக்கொள்வதில் கிடைக்கும் லாபம் சுருங்கிவிட்டது. பக்கத்து வீட்டார் முன்னேறுவது நமக்கு எப்போதும் நல்லதா என்ற சங்கடமான கேள்விக்கு, இந்தக் கணக்கின் பதில் 'எப்போதும் இல்லை' என்பதுதான்.

"நிஜத்துல இந்த மாதிரி நடக்குதா, இல்ல புத்தகத்துலதானா?"

நம் கதையின் அதே இரண்டு பொருளையே பாருங்கள், அரிசியும் எண்ணெயும். உலகத்தில் அரிசி அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. சமீப ஆண்டுகளில் உலக அரிசி வணிகத்தில் 40 சதவீதம் அளவுக்கு நம்முடையது. அதே இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியே வாங்குகிறது. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயில். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெய், ஒரு ஹெக்டேர் நிலக்கடலை தருவதைப்போலப் பல மடங்கு. வருடம் முழுக்க மழை பெய்யும் நிலம் அவர்களிடம் இருக்கிறது.

இதே ஜோடி கதையின் பலவீனத்தையும் காட்டுகிறது. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா உள்ளூர் விலையைக் கட்டுப்படுத்தப் பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23 வரை நீடித்த தடையில் இங்கே கடைக்காரர்கள் தவித்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, இப்போது அரிசி வாங்கும் நாடுகள் தவித்தன. வரப்பில் சண்டை வந்து, அறுவடைக்குப் பிறகு செல்லம்மா "நெல் தர முடியாது தம்பி" என்றால் கடலையை மட்டும் வைத்துக்கொண்டு மாரி என்ன செய்வார்? கொஞ்சம் நெல் தன் வயலிலும் இருக்கட்டும் என்று அவர் ஒரு ஏக்கரை ஒதுக்கினால் அது முட்டாள்தனம் இல்லை. காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் மாதிரி. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது, மேலே சொன்ன கணக்கில் ஏக்கருக்கு 9,000 ரூபாய்.

"வணிகத்தால எல்லாருக்கும் லாபம்னு எழுதினா மார்க் வருமா?"

மார்க் வரலாம், ஆனால் உண்மை முழுதாக இல்லை. நான் கணக்கு போட்டது இரண்டு வீட்டுக்கு. மாரியின் வயலில் நாற்று நடப் போன பெண்களை அட்டவணையில் சேர்க்கவில்லை. அவர் நெல்லை விட்டதும் அந்த நடவுக் கூலி போகிறது. கடலையிலும் களையெடுப்பு, பறிப்பு, ஆய்வது என்று வேலை உண்டுதான். அது அதே ஆட்களுக்கு, அதே நாட்களில், அதே கூலிக்குக் கிடைக்கும் என்று எந்தக் கோட்பாடும் உறுதி தரவில்லை. செல்லம்மாவின் கூடுதல் ஏக்கர் நெல்லுக்கு ஆள் வேண்டும், அங்கே போகலாம். வரப்பைத் தாண்டினால் போதும் என்பதால் போகலாம். நடுவில் கடல் இருந்தால்?

ஆகவே 'இரு நாடுகளின் மொத்த நுகர்வும் கூடும், நாட்டுக்குள் சிலர் இழக்கக்கூடும், கூடிய பங்கிலிருந்து அவர்களுக்கு ஈடுகட்ட முடியும்' என்று எழுதுங்கள். 'முடியும்' என்பதோடு கோட்பாட்டின் வேலை முடிந்தது. ஈடுகட்டப்பட்டதா என்பது வேறு விசாரணை.

"இலவச கரண்ட்ல தண்ணி இறைச்சு விளையுற நெல்லுக்கு ஒப்பீட்டு அனுகூலம் இருக்குன்னு எப்படி சார் சொல்றது?"

ஒரே ஒரு மாணவிதான் இதுவரை இதைக் கேட்டிருக்கிறார், அவரும் விவசாயி வீட்டுப் பெண். பதில்: பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்றால், செல்லம்மாவின் 45,000இல் தண்ணீருக்கு விலையே போடவில்லை. நெல் கடலையைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். அந்தக் கூடுதல் தண்ணீருக்கு ஏக்கருக்கு 12,000 ரூபாய் என்று ஒரு மதிப்புப் போடுங்கள். நெல்லில் நிற்பது 33,000. கடலையில் 33,750. செல்லம்மாவும் கடலைக்குத் திரும்ப வேண்டியவர்தான். அவரிடம் இருப்பதாக நாம் நினைத்த நெல் அனுகூலத்தில் ஒரு பங்கு அவர் மண்ணுடையது, ஒரு பங்கு மானியத்துடையது.

பஞ்சாப் நெல்லைப் பற்றி நடக்கும் வாதமும் இதுதான். அங்கே நிலத்தடி நீர் வருடா வருடம் இறங்குகிறது, அரசு நெல்லைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்குகிறது, மின்சாரம் இலவசம். சந்தை விலை 'நெல் போடு' என்கிறது. ரிக்கார்டோவின் கணக்கு கேட்பது நிஜமாக எது கைவிடப்படுகிறது என்பதை. கைவிடப்படுவதில் அடுத்த பத்து வருடத் தண்ணீரும் உண்டென்றால் அதையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். செல்லம்மாவின் நோட்டில் அந்த 12,000 இன்று எங்கும் இல்லை. கிணற்றை ஆழப்படுத்த ஆள் கூப்பிடும் வருடத்தில்தான் மொத்தமாக வந்து ஏறும்.